யூ ஹெல்ப்பிங்கா, யுவர் ஹெல்ப்பிங்கா? ஓர் ஆங்கில வேற்றுமைச் சண்டையின் வரலாறு

'நீ எனக்கு உதவியதைப் பாராட்டுகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ அப்ரிஷியேட் யூ ஹெல்ப்பிங் மீ' என்று எழுதலாமா, அல்லது 'யுவர் ஹெல்ப்பிங் மீ' என்றுதான் எழுத வேண்டுமா? இந்தக் கேள்விக்காக இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய மொழியறிஞர்கள் அச்சில் மோதிக்கொண்டார்கள். ஒருவர் அகராதிக்காரரும் முன்னாள் பள்ளி ஆசிரியருமான ஹென்றி ஃபௌலர். மற்றவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன். ஆங்கிலேயருக்கு ஆங்கில இலக்கணம் சொல்ல ஒரு டேனியர் வந்ததே இந்தக் கதையின் தனிச்சுவை.

வழக்கின் வேர் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் 'உங்', 'இங்' என்று முடிந்தவை வெறும் தொழிற்பெயர்கள். 'ஓடுகிற' என்பது போன்ற எச்சத்துக்கு 'எண்டெ' என்ற வேறு விகுதி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் 'இங்' என்ற ஒரே வடிவில் கலந்தன. அதன் பிறகு தொழிற்பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வினையின் குணங்களை வாங்கிக்கொண்டது. முன்பு 'த டீச்சிங் ஆஃப் சில்ட்ரன்' என்று 'ஆஃப்' போட்டுச் சொன்ன இடத்தில் 'டீச்சிங் சில்ட்ரன்' என்று செயப்படுபொருள் நேராக வந்து நின்றது. வினையடைகள் சேர்ந்தன. 'ஹேவிங் டாட்', 'பீயிங் டாட்' என்று முடிந்த செயலையும் செயப்பாட்டையும் காட்டும் வடிவங்களும் பிறந்தன. வினைக்கு உரியவை எல்லாம் வந்த பிறகு எழுவாய் மட்டும் 'யுவர்' என்ற ஆறாம் வேற்றுமை வேடத்திலேயே நிற்குமா?

நிற்க வேண்டும் என்றார் ஃபௌலர். தம்பி ஃபிராங்குடன் சேர்ந்து 1906-இல் வெளியிட்ட 'த கிங்ஸ் இங்லிஷ்' நூலிலேயே இந்தத் தொடருக்கு 'ஒட்டிப்போன எச்சம்' என்ற பொருள்பட ஒரு பெயர் சூட்டியிருந்தார். 1925-இல் தூய ஆங்கிலச் சங்கத்தின் சிற்றேட்டிலும், 1926-இல் தம் புகழ்பெற்ற வழக்ககராதியிலும் அதை விரிவாகத் தாக்கினார். பெண்களின் வாக்குரிமை பற்றிய ஒரு வாக்கியத்தை அவர் கையாண்ட விதம் கவனிக்கத் தக்கது. பெண்கள் வாக்குரிமை பெறுவது ஆண்களின் அரசியல் அதிகாரத்தைக் குறைக்கிறது என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் இதை 'விமென்ஸ்' என்ற உடைமை வடிவம் இல்லாமல், பன்மையான 'விமென்' என்றே வைத்து எழுதினால், பயனிலையோ ஒருமையில் இருக்கிறது. ஆகவே 'பெண்கள்' எழுவாய் அல்ல. 'பெறுவது' என்பதும் தனியே எழுவாய் அல்ல. இரண்டும் ஒட்டிப்போன ஒரு கலவைதான் எழுவாய், அந்தக் கலவைக்கு இலக்கணத்தில் பெயரே கிடையாது. (பிரிட்டனில் 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினர் 1918-இல் வாக்குரிமை பெற்றுவிட்டார்கள்; ஆண்களுக்குச் சமமான உரிமை கிடைக்க 1928 வரை காத்திருந்தார்கள். உதாரணம் இந்த இடைவெளியில் எழுந்தது.)

யெஸ்பர்சன் 1926-இல் அதே சங்கத்தின் ஏட்டில் பதில் எழுதினார். தர்க்கத்தைக் காட்டிலும் சான்றுகளில் அவருக்கு நம்பிக்கை. நல்ல எழுத்தாளர்கள் பல தலைமுறைகளாக அப்படி எழுதியதைத் திரட்டி வைத்து, 'இங்' வடிவம் பெயரிலிருந்து வினையை நோக்கி நகர்ந்த நீண்ட பயணத்தின் இயல்பான அடுத்த படிதான் இது என்றார். ஃபௌலரைப் 'பிறவி இலக்கண ஒழுக்கவாதி' என்ற பொருளில் சீண்டவும் செய்தார். ஃபௌலர் 1927-இல் அந்தப் பட்டத்தையே தலைப்பில் வைத்து மறுப்பு எழுதினார்!

ஃபௌலரின் விதிக்கு இடர் தந்தது தர்க்கம் அல்ல, ஆங்கிலத்தின் சொற்களே. 'சம்திங் கோயிங் ராங்' என்ற தொடரில் உடைமை வடிவம் போட்டால் காது கூசும். 'தேர் பீயிங்' என்று வரும்போது 'தேர்' என்பதற்கு உடைமை வடிவமே இல்லை. 'பாய்ஸ்' போன்ற பன்மைகளில் உடைமைக்குறி தாளில் மட்டும் தெரியும், பேச்சில் இரண்டும் ஒன்றே. இப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தையே மாற்றி எழுதச் சொன்னார் ஃபௌலர். மாற்றி எழுத வேண்டிய இடங்கள் இத்தனை என்றால், விதி மொழியைப் பின்பற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகருக்கு யெஸ்பர்சன் பக்கம் எளிதில் விளங்கும். 'நீ உதவியதை' என்கிறோம். 'உன் உதவியை' என்றும் சொல்கிறோம். 'உன் உதவியதை' என்று எவரும் சொல்வதில்லை. சொல் வினையாக நடந்தால் எழுவாயையும், பெயராக நடந்தால் ஆறாம் வேற்றுமையையும் கேட்கிறது. ஆங்கில 'இங்' இரண்டாகவும் நடப்பதால் இரண்டையும் ஏற்கிறது. 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ஜெரண்ட், எச்சம் என்ற பழைய பிரிவினையையே கைவிட்டு, இரண்டையும் ஒரே வடிவமாக வைத்தது. ஃபௌலரின் 'கலவை' அதன் பிறகு விசித்திரமாகத் தெரிவதில்லை.

இருந்தாலும் 'யுவர்' வழக்கொழியவில்லை. இந்தியப் பள்ளிகளில் ஊறிப்போன ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம், ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு உடைமை வடிவத்தையும் உயிரற்ற பொருளுக்குச் சாதாரண வடிவத்தையும் காட்டுகிறது. குவெர்க் குழுவினர் 1985-இல் எழுதிய பேரிலக்கணமும், முறையான நடையில், அதுவும் பிரதிப்பெயருக்கு, உடைமை வடிவமே விரும்பப்படுகிறது என்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். 'ஹிஸ் லீவிங் சர்ப்ரைஸ்ட் அஸ்' என்பதை எந்த ஆசிரியரும் திருத்த மாட்டார். அங்கே 'ஹிம் லீவிங்' என்று வந்தால் இன்றும் பலரின் பேனா தயங்கும். 'ஐ சா ஹிம் லீவிங்' என்பதில் நிலைமை நேர்மாறு: கண்ணால் கண்ட ஆளைச் சொல்வதால் அங்கே 'ஹிஸ்' போட்டால்தான் பிழை.