கேட்டால் தருகிறோம்

1982இல் அமெரிக்காவின் ‘ஜர்னல் ஆஃப் மணி, கிரெடிட் அண்ட் பேங்கிங்’ இதழ், கட்டுரை எழுதியவர்களிடம் தரவையும் நிரலையும் அனுப்பச் சொன்னது. வந்தவற்றைப் பொருளியலாளர்கள் டீவால்ட், தர்ஸ்பி, ஆண்டர்சன் மூவரும் பிரித்துப் பார்த்தார்கள். 54 தொகுப்புகளைச் சோதித்ததில், சிக்கல் இல்லாமல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் நிலையில் இருந்தவை 8 மட்டுமே.

யாரும் ஏமாற்றியதாக அவர்கள் சொல்லவில்லை. கட்டுரையில் ஓர் அரசு வெளியீட்டின் பெயர் இருக்கும். எந்த மாதத்து வெளியீடு என்று இருக்காது. பண அளிப்பு, தேசிய வருமானம் போன்ற எண்களை அரசு பலமுறை திருத்தி வெளியிடும். அதே வெளியீட்டின் வேறு மாத இதழை எடுத்தவருக்கு வேறு எண்தான் கிடைக்கும். தரவின் பெயரோடு பதிப்பையும் எடுத்த தேதியையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

அவர்களுடைய கட்டுரை 1986இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வந்தது. அந்த இதழ் உடனே ஒரு விதி கொண்டுவந்தது: பிறர் கேட்டால் ஆசிரியர்கள் தரவைத் தர வேண்டும். ஆனால் கேட்டும் தராதவரை என்ன செய்வது? பல ஆண்டுகள் கழித்து மெக்கல்லோ, வினோத் இருவரும் அந்த இதழின் ஒரு வெளியீட்டில் எழுதியவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேர் தரவில்லை. 2003இல் அதே இதழிலேயே இதை அச்சிட்டார்கள். மறு ஆண்டே, அப்போது ஆசிரியராக இருந்த பென் பெர்னான்கி விதியை மாற்றினார்: தரவும் நிரலும் இதழின் கைக்கு வந்த பிறகுதான் கட்டுரை அச்சேறும்.

2019இல், அச்சேறுவதற்கு முன்பே அந்த இதழின் தரவு ஆசிரியர் லார்ஸ் வில்ஹூபரின் குழு நிரலை ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. தரவும் நிரலும் எங்கே, எப்படிக் கிடைக்கும் என்று கட்டுரையில் சொல்லும் பத்தி எப்படி இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டத்தில்தான் முழு வடிவம் பெற்றது. ஒரு மாதிரி:

“குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு, திருத்தப்பட்ட 2ஆம் பதிப்பு, 2023 மார்ச் 4இல் பதிவிறக்கியது, சேமிப்பக எண் கீழே. வரிப் பதிவுகளைப் பகிர அனுமதி இல்லை. துறைக்கு விண்ணப்பித்துப் பெறலாம், எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. `01_clean.R` முதல் `04_tables.R` வரை வரிசையாக ஓட்டினால் எல்லா அட்டவணைகளும் வரும், R 4.2.2, சுமார் மூன்று மணி நேரம்.”

கட்டுரைகளைச் சரிபார்க்கும்போது நான் முதலில் படிப்பது அந்த வரிப் பதிவு வாக்கியத்தைப் போன்றதைத்தான். ரகசியத் தரவை வெளியிட முடியாது, சரி. ஆனால் யாரிடம் விண்ணப்பிப்பது, எவ்வளவு நாளாகும் என்பது ரகசியமில்லையே. அதையும் விட்டுவிட்டு “கேட்டால் தரப்படும்” என்று மட்டும் எழுதியிருந்தால், அது 1986 விதியின் பழைய வாசகம்தான்; அப்படி வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.