சம்ஸ்காரா (நாவல் தலைப்பு)

கன்னட எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்தியின் முதல் நாவல் 'சம்ஸ்காரா' (1965). கருவைச் சுட்டியும் முடிவை மறைத்தும் நிற்கும் தலைப்புக்கு நல்ல சான்று.

அச்சொல்லுக்கு ஈமச்சடங்கு, பண்படுதல், பிறவி தொடரும் மனப்பதிவு என்றெல்லாம் பொருள் உண்டு. துர்வாசபுர அக்கிரகாரத்தில் ஆசாரம் மீறிய நாரணப்பா இறக்கிறான். சடங்கை யார் செய்வது என்று கதை தொடங்குகிறது. வாசகர் தலைப்பை முதற்பொருளிலேயே வாங்கிக்கொள்கிறார். ஆனால் அவனுடன் வாழ்ந்த சந்திரி, பாதிக் கதையிலேயே பிணத்தை ரகசியமாக எரிக்கச் செய்துவிடுகிறாள். அதன் பிறகு தலைப்பு, சந்திரியுடன் கூடித் தன் ஒழுக்கநெறியை இழந்த, அக்கிரகாரத்தின் தலைமைப் பண்டிதரான பிராணேசாச்சாரியார் மீது திரும்புகிறது. அவர் என்ன ஆவார் என்பதை அது சொல்வதில்லை, நாவலும் சொல்வதில்லை. 'ஆச்சாரியரின் வீழ்ச்சி' என்று வைத்திருந்தால் நடுத்திருப்பமே வெளியாகியிருக்கும், அவர் மீதான தீர்ப்பும் முன்கூட்டியே விழுந்திருக்கும்.

ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1976), மூலச்சொல்லை வைத்துக்கொண்டு 'இறந்தவனுக்கொரு சடங்கு' என்ற பொருளில் துணைத்தலைப்பைச் சேர்த்தது. அயல் வாசகருக்கு அது உதவிதான். ஆயினும் பல பொருள்களில் ஒன்றை மட்டும் முன்னே தள்ளிவிடுகிறது.