ரீரேங்கர் பிறந்த கதை

2019 ஜனவரியில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரோட்ரிகோ நொகேய்ராவும் கியுங்ஹ்யுன் சோவும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். கூகுளின் பெர்ட் மாடல் வெளியாகி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எம்எஸ் மார்கோ என்ற 88 லட்சம் பத்திகள் கொண்ட தொகுப்பிலிருந்து, சொற்பொருத்தத்தைக் கணக்கிடும் பழைய பிஎம்25 முறையில் கேள்விக்கு ஆயிரம் பத்திகளை எடுத்தார்கள். பிறகு கேள்வியையும் ஒரு பத்தியையும் ஒட்டி, ஒரே உள்ளீடாகப் பெர்ட்டிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கினார்கள். ஆயிரம் பத்திக்கும் இப்படியே. அந்த மதிப்பெண்படி வரிசையை மாற்றியதும், அதுவரையிலான சிறந்த முடிவை 27 சதவீதம் மிஞ்சிவிட்டார்கள்.

சேர்த்துப் படித்ததுதான் இதன் உயிர். "கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?" என்று ஒருவர் கேட்கிறார். "கடன் தவணையைத் தாமதமாக அடைத்தால் அபராதம் உண்டு" என்ற பத்தி முதலில் வந்து நிற்கும். சொற்கள் அவ்வளவு ஒத்துப்போகின்றன. "கெடுவுக்கு முன் கடன் கணக்கை முடிப்போருக்குக் கூடுதல் கட்டணம் இல்லை" என்ற சரியான பத்தி எங்கோ இருபதாவது இடத்தில் கிடக்கும். வெக்டர் தேடலிலும் இது நடக்கலாம். அங்கே பத்தியின் வெக்டரைக் கேள்வி வருவதற்கு முன்பே கணக்கிட்டு வைத்துவிடுகிறார்கள். ரீரேங்கரோ இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிப்பதால், 'முன்கூட்டியே' என்ற சொல் எந்தப் பத்தியோடு சேரும் என்று பார்க்க முடிகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். ஆயிரம் பத்திகளைப் பெரிய பெர்ட் வரிசைப்படுத்த ஒரு கேள்விக்குச் சுமார் 33 விநாடி ஆனதாக, 2020இல் ஸ்டான்ஃபோர்டின் கோல்பெர்ட் கட்டுரை அளந்து சொன்னது. அதனால்தான் இன்று ஐம்பது, நூறு பத்திகளோடு நிறுத்திக்கொண்டு சிறிய மாடலை வைக்கிறார்கள். பத்திகள் குறைந்தால் நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஆனால் மேலே வந்த பத்திகளைப் படித்து ஒரு மொழி மாடல் பதில் எழுதும் இடங்களில், அந்தத் தாமதம் முழுவதும் பதிலின் முதல் சொல்லுக்கு முன்னால் விழுகிறது. கேட்டவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காத்திருப்பு தகுமா என்பதை ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். விடை தெரிந்த நூறு கேள்விகளை எடுத்து, ரீரேங்கர் இல்லாமல் தேடுங்கள். பதில் எழுதும் மாடலுக்கு ஐந்து பத்திதான் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கேள்விகளுக்குச் சரியான பத்தி முதல் ஐந்திலும், 85 கேள்விகளுக்கு முதல் ஐம்பதிலும் இருந்தால், இடையிலுள்ள 25தான் ரீரேங்கர் அதிகபட்சம் மீட்கக்கூடியது. அதற்கு அரை விநாடி கொடுக்கலாம் என்பேன். 82, 85 என்று வந்தால் கொடுக்க மாட்டேன். மீதி 15 கேள்விகளுக்குச் சரியான பத்தி ஐம்பதுக்குள்ளேயே வரவில்லை. வராததை எந்த ரீரேங்கராலும் மேலே தூக்க முடியாது. அங்கே திருத்த வேண்டியது பத்திகளை வெட்டிய விதத்தையும் முதல் தேடலையும்தான்.