வகுப்பில் முதல் கேள்வி "எந்த ஊர்?" ஆக வேண்டாம்

வன்னியிலிருந்து பதுளைக்கு வந்து குடியேறிய பெண் ஒருவர் யோகா வகுப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பாய் விரித்தவர் வழமைபோல "எந்த ஊர்?" என்கிறார். தோட்டங்களில் இது உறவு தேடும் கேள்வி. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று தொடரும். சோதனைச்சாவடியில் அதே கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவருக்கோ அது விசாரணை. 1977, 1983 வன்முறைகளின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கு அதற்கு ஒரே பதிலும் இல்லை.

ஆகவே முதல் நாள் வணக்கமும் பெயரும் போதும். சிங்களம் பேசுபவரென்றால் "ஆயுபோவன்".

சவாசனம் முடிந்தவுடன் பேச்சைத் தொடங்கவோ, பின்னாலிருந்து தோளைத் தொடவோ வேண்டாம். கண்மூடிக் கிடந்தவர் திடுக்கிடுவார். பாயைச் சுருட்டும்வரை பொறுத்து, அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து பேசுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாக வந்து, பார்வை வாசலைத் தேடினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மூன்று நான்கு வகுப்புகளின் பின் "பிளேன்டீ குடிப்போமா அக்கா?" என்று கேட்கலாம். இடையில் வராமலிருந்து திரும்பினால் "ஏன் வரல்ல?" வேண்டாம், "சுகமா இருக்கீங்களா?" போதும். ஊர்க்கதையை அவராகவே ஒருநாள் சொல்வார். சொல்லாவிட்டாலும் பக்கத்துப் பாய் அவருடையதுதான்.