லென்ஸ் அணிந்த கண்ணில் சொட்டு மருந்து விடலாமா? 15 நிமிட இடைவெளி ஏன் அவசியம்?

கண் அரிப்புக்காக மருந்தகத்தில் சொட்டு மருந்து வாங்குவோர் பலர், காண்டாக்ட் லென்ஸைக் கழற்றாமலேயே அதைக் கண்ணில் விடுகின்றனர். சில நாள்களில் அரிப்பு குறைவதற்குப் பதிலாக எரிச்சல் கூடுகிறது. இதற்கு மருந்தைவிட அதில் கலந்துள்ள பதப்பொருள் காரணமாக இருக்கலாம்.

திறந்த போத்தலைப் பல நாள் பயன்படுத்தும்போது கிருமி வளராமல் இருக்கப் பதப்பொருள் சேர்க்கப்படுகிறது. அதிகம் பயன்படுவது பென்சல்கோனியம் குளோரைடு. வெறும் கண்ணில் விட்டால் கண்ணீரோடு அது விரைவில் வெளியேறிவிடும். மென்மையான லென்ஸோ நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. பதப்பொருளையும் உறிஞ்சி வைத்து, நீண்ட நேரம் சிறிது சிறிதாகக் கருவிழி மீது கசியவிடும். கருவிழியின் மேற்தோல் அதனால் பாதிக்கப்படும்.

ஆகவே, லென்ஸைக் கழற்றிய பிறகே மருந்தை விட வேண்டும்; மீண்டும் அணியக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்துத் தாளில் கூடுதல் நேரம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஒவ்வாமைக்கு நாளுக்கு இருமுறை சொட்டு மருந்து விடும் தொழிற்சாலை ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு அவருக்கு வேலை. 5.45க்குக் கைகளைக் கழுவி, ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடியிருக்கலாம். 6 மணிக்கு லென்ஸ் அணியலாம். மாலையில் வீடு திரும்பி லென்ஸைக் கழற்றிய பின் அடுத்த சொட்டு. வேலையிடத்தில் கழற்றி மாட்டும் தேவையே இல்லை. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் 5 நிமிடம் விட்டு, கடைசிச் சொட்டிலிருந்து 15 நிமிடத்தைக் கணக்கிட வேண்டும்.

நடுவில் குளிர்சாதன அறையில் கண் உலர்ந்தால், லென்ஸ் அணிந்திருக்கும்போதே பயன்படுத்தலாம் என உறையில் குறிப்பிட்டுள்ள ஈரமூட்டும் சொட்டை மட்டும் விடலாம். பதப்பொருள் இல்லாதது என்பதாலேயே எல்லா மருந்தும் இதற்குப் பொருந்தாது. மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தவறுதலாக லென்ஸ் மீது மருந்தை விட்டுவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். ஒருநாள் லென்ஸ் என்றால் வீசிவிடலாம். மாத லென்ஸைக் குழாய் நீரில் கழுவாமல், அதற்குரிய திரவத்தில் தேய்த்துக் கழுவி ஊறவைக்க வேண்டும்.

கண்ணில் தொற்று ஏற்பட்டு மருந்து விடும் நாள்களில் 15 நிமிடக் கணக்கு செல்லாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்குக்கண்ணாடிதான். வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், குறையாத சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் லென்ஸைக் கழற்றி, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் உடன் எடுத்துச் சென்றால், தேவைப்படும்போது கிருமிப் பரிசோதனைக்கு உதவும்.