பிறந்த மீனும் பெயரின் முதலெழுத்தும்

நம் காலனியில் குழந்தை பிறந்த வீடுகளில், பதினோராம் நாள் நெருங்கும்போது இரண்டு பஞ்சாங்கங்கள் விரிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்று ஊரிலிருந்து தாத்தா கொணர்ந்தது. மற்றொன்று இவ்வூர்ப் பண்டிதருடையது. பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே எழுத்துகளையே கூறும். ஆயின் குழந்தை திருவோணத்தில் பிறந்துவிட்டால் வீட்டில் வழக்கு எழும். நம் பஞ்சாங்கங்கள் பலவற்றில் அந்நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கு ஜு, ஜே, ஜோ, கா என்றிருக்கும். வடநாட்டார் கீ, கூ, கே, கோ என்பர், அதுவும் மூச்சை அழுத்தி ஒலிக்கும் ககரத்தால். பெயர் பிழைபட்டால் குழந்தைக்கு ஆகாதோ என்று பாட்டிமார் கலங்குவர். இருவரும் பிழைபடவில்லை, இவ்வேறுபாட்டின் காரணம் அப்பட்டியலின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

இன்று நாம் அசுவினி முதலாக நட்சத்திரங்களை எண்ணுகிறோம். எழுத்துப் பட்டியலோ அசுவினியில் தொடங்கவில்லை. கார்த்திகையின் எழுத்துகள் அ, இ, உ, ஏ. ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ. மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கீ. அகரத்துக்கு ஐந்து உயிரொலிகளும் முடிந்த பின் வகரம், அதன் பின் ககரம் என்று வரிசை ஓடுவதை அன்பர்கள் நோக்குக. தைத்திரீய சங்கிதையும் அதர்வவேதமும் நட்சத்திரங்களைக் கார்த்திகையிலிருந்தே எண்ணுகின்றன. அப்பழைய முறையே இப்பட்டியலிலும் நிலைத்திருக்கின்றது. அ, வ, க, ஹ, ட என்னும் முதல் ஐந்தொலிகளைச் சேர்த்து வடநூலார் இதனை 'அவகஹடா' சக்கரம் என்பர்.

இவ்வாறு எடுத்துக்கொண்ட ஒலிகள் இருபது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிர் என 100. திருவாதிரை, அஸ்தம், பூராடம், உத்திரட்டாதி ஆகிய நான்கில் மூன்று மூன்றாக வேற்றெழுத்துகள் புகுந்து, மொத்தம் 112 ஆகும். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு வீதம் பகுத்தால் 28 வருகின்றது, 27 அன்று! அதர்வவேதத்தின் பட்டியலிலும் 28 நட்சத்திரங்களே உள்ளன. உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் இடையே நின்ற அபிஜித் என்பதே அந்த இருபத்தெட்டாவது மீன். ஜு, ஜே, ஜோ, கா என்பன அபிஜித்துக்கு உரியவை. அடுத்த நான்கே திருவோணத்துக்கு உரியவை. அபிஜித்தைக் கணக்கினின்று நீக்கியபோது அதன் எழுத்துகளை நம்மவர் திருவோணத்துக்கு அளித்தனர். வடநாட்டார் திருவோணத்தின் பழைய எழுத்துகளையே வைத்துக்கொண்டனர்.

ஒரு குழந்தையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். திருவோணம் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது என்க. பாதம் ஒன்றுக்கு ஆறு மணி நேரம். குழந்தை மாலை 4 மணிக்குப் பிறந்தால் சென்றது பத்து மணி; ஆகவே இரண்டாம் பாதம். நம் முறைப்படி ஜே, இவ்வூர் முறைப்படி கூ. நண்பகல் 12 மணியை ஒட்டிப் பிறந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் பாதம் மாறும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நட்சத்திரம் முடியும் நேரத்தை வேறாகக் குறிப்பதாலும் மாறும். ஜெயராமன் என்று தாத்தாவின் பெயரை வைத்து எழுத்துப் பொருந்திற்றென மகிழ்வோரும் உளர். வடமொழியில் அது ஜயராமன். அந்த ஜகரம் உத்திராடத்தின் மூன்றாம் பாதத்தது! நம் நாக்கு ஜயத்தை ஜெயமாக்கியதால் வந்த பொருத்தம் அது.

பழைய கிருஹ்ய சூத்திரங்கள் இப்பட்டியலைக் கூறவில்லை. ஆசுவலாயனர் விதித்தது வேறு: பெயர் ஒலிப்புடைய மெய்யில் தொடங்குக, ஆண்மகவுக்கு இரட்டைப்பட்ட அசைகளும் பெண்மகவுக்கு ஒற்றைப்பட்ட அசைகளும் அமைக. அவ்விதிப்படி ஜகரம் தகும்; அழுத்திய ககரம் தகாது. நட்சத்திரத்தின் பெயரையே மனிதருக்கு இட்ட காலமும் உண்டு. பாணினி அத்தகைய பெயர்கள் அமையும் முறைக்கு இலக்கணம் வகுத்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813-1846) பிறந்த மீனாலேயே இன்றும் அறியப்படுகிறார்.

தமிழர் வழக்கோ பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. எழுத்தும் வேண்டும், பாட்டன் பெயரும் வேண்டும் என்ற நிலையில் நம் பெரியோர் ஒன்றைக் கைவிட்டதில்லை. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் தந்தை நட்சத்திரப் பெயரையும், பாட்டன் பெயரையும், அழைக்கும் பெயரையும் அடுத்தடுத்து எழுதுவார். பின் குழந்தையின் வலச்செவியில் மும்முறை ஓதுவார். சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு திருவோணக் குழந்தைக்கு அவ்வாறு மூன்று பெயர்கள் எழுதப்பட்டன. அக்குழந்தையை இன்று எல்லோரும் அழைப்பது, அரிசியில் எழுதப்படாத நான்காவது பெயரால்!