மண்டபம் வாடகைக்கு: ‘ஆயிரம் பேர் அமரலாம்’ என்றால் உண்மையில் எத்தனை பேர்?

கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடும் விளம்பரங்களில் பெரும்பாலும் மூன்று வரிகள் தவறாமல் இருக்கும். ஆயிரம் பேர் அமரலாம், விசாலமான கார் நிறுத்துமிடம் உண்டு, எல்லா ஊர்களுக்கும் அருகில். இந்த மூன்றையும் நம்பித்தான் குடும்பங்கள் முன்பணம் கட்டுகின்றன, அழைப்பிதழ் அச்சடிக்கின்றன. ஆடியும் மார்கழியும் போக மீதமுள்ள மாதங்களின் முகூர்த்த நாள்கள் சீக்கிரமே பதிவாகிவிடுவதால், தவறு தெரிய வரும்போது வேறு மண்டபம் கிடைப்பது அரிது. ஆகவே விளம்பரத்தின் தலைப்பையும் விளக்கத்தையும் எழுதும் ஆலயச் செயலாளரும் மண்டப உரிமையாளரும், அதைப் படிக்கும் குடும்பத்தாரும் இந்த மூன்று வரிகளின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இருக்கைகள். கிள்ளானில் 100 அடி நீளமும் 60 அடி அகலமும் உள்ள மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 6,000 சதுர அடி. ஒருவருக்கு 6 சதுர அடி என்று வகுத்தால் ஆயிரம் பேர் என்ற கணக்கு வந்துவிடும். ஆனால் இது மண்டபம் முழுவதும் நாற்காலிகளை மட்டும் நெருக்கி அடுக்கினால் வரும் எண். மணவறைக்கும் நடைபாதைக்கும் அதில் இடமில்லை.

உண்மையான கல்யாணத்தில் மணவறை மேடை 30 அடிக்கு 20 அடி, அதாவது 600 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மேடைக்கு முன்னால் புகைப்படக்காரர் நிற்கும் இடமும் நடுப்பாதையும் சேர்ந்து சுமார் 700. வாசலில் வரவேற்பு மேசை, மொய் எழுதும் இடம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு 200. மீதி 4,500 சதுர அடி. வரிசையாக நாற்காலி போட்டு, பக்கவாட்டில் வழியும் விட்டால் ஒருவருக்குச் சுமார் 8 சதுர அடி வேண்டும். அப்படியென்றால் தாலி கட்டும் நேரத்தில் வசதியாக அமரக்கூடியவர்கள் ஏறத்தாழ 560 பேர்.

இரவு விருந்து என்றால் எண் இன்னும் குறையும். பத்துப் பேர் அமரும் 5 அடி வட்ட மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு, பரிமாறுபவர் நடக்கவும் இடம்விட்டால் ஒரு மேசைக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். இரண்டு பஃபே வரிசைகளும் அவற்றின் முன் நிற்கும் கூட்டமும் மேலும் 500 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 4,000 சதுர அடியில் 40 மேசைகள், அதாவது 400 பேர். அதே மண்டபம், அதே நான்கு சுவர்கள்தாம். விளம்பரத்தில் ஆயிரம், முகூர்த்தத்தில் 560, விருந்தில் 400.

எனவே ‘எத்தனை பேர்’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘மேடையும் பஃபேயும் போட்ட பிறகு எத்தனை மேசை?’ என்று கேட்க வேண்டும். முந்தைய கல்யாணம் ஒன்றில் மேசை போட்ட படத்தைக் காட்டச் சொன்னால் பதில் எளிதாகத் தெரிந்துவிடும். சாப்பாட்டுக் கூடம் தனியாக இருந்தால் கணக்கு வேறு. 200 பேர் அமரும் கூடத்தில் 600 பேருக்கு மூன்று பந்தி போட வேண்டும். இலை எடுத்து மேசை துடைக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு பந்திக்கு முக்கால் மணி நேரம் என்றால் இரண்டேகால் மணி நேரம் ஆகும். மண்டபத்தைப் பகல் இரண்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டுமானால், கடைசிப் பந்தியின் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இன்னொன்றையும் நேரில் பார்க்க வேண்டும். மணவறையின் பின்திரையோ கூடுதல் மேசைகளோ அவசர வழியை மறைத்தால்தான் அந்த எண்ணிக்கை வருகிறது என்றால், அது ஏற்கக்கூடிய எண்ணிக்கையே அல்ல.

அடுத்தது கார். குடும்பமாக வருபவர்களை வைத்து ஒரு காருக்கு மூன்று பேர் என்று கொண்டால், 400 விருந்தினர்களுக்கு 130க்கும் மேற்பட்ட கார்கள். வளாகத்தில் 80 கார்கள் நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சமையல்காரர் லாரி, அலங்கார வேன், மேளக்குழு வேன், மணமக்கள் கார் என்று சுமார் பத்து இடங்கள் முதலிலேயே போய்விடும். விருந்தினர்களுக்கு மிஞ்சுவது 70. மீதி 60க்கும் மேற்பட்ட கார்கள் தெருவுக்குத்தான் போகும். விருந்துக்கு வருபவர்கள் ஒரே மணி நேரத்திற்குள் வந்து சேர்வதால், வாசலில் இரட்டை வரிசையும் பக்கத்து வீட்டு நுழைவாயில் அடைப்பும் அங்கே தொடங்குகின்றன.

‘80 கார்’ என்ற எண்ணையும் சரிபார்க்கலாம். கார் நிற்கும் கட்டம், திரும்பும் வழி இரண்டையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். ஆகவே அரை ஏக்கர் நிலத்தில் 150 கார்கள் நிற்கும் என்று யாராவது சொன்னால், ஒன்றின் பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவதாகத்தான் பொருள். முன்னால் நிற்பவர் சீக்கிரம் புறப்பட வேண்டுமானால், காரின் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கடை வரிசையிலோ பள்ளி வளாகத்திலோ நிறுத்த ஏற்பாடு இருந்தால், அங்கிருந்து நடந்து வர எத்தனை நிமிடம், வழியில் விளக்கு உண்டா என்பதையும் விளக்கத்தில் எழுதுவது நேர்மை. முதியவர்களை இறக்கிவிடக் கூரையுள்ள வாசல் இருந்தால் அதுவும் ஒரு வரி பெறத் தகுந்தது.

மூன்றாவது, அருகிலுள்ள ஊர்கள். ‘கிள்ளான்’ என்ற ஒரு சொல் போதாது. ஆறு ஊரை வடக்கும் தெற்குமாகப் பிரிக்கிறது. தாமான் ஸ்ரீ அண்டலாஸ், பண்டார் புக்கிட் திங்கி ஆகியவை தெற்கில் உள்ளன. மேரு, காப்பார் ஆகியவை வடக்கில் உள்ளன. தெற்கிலுள்ள மண்டபம் காப்பார் அருகில் என்று எழுதினால், அங்கிருந்து வருபவர்கள் சனிக்கிழமை மாலை நெரிசலில் பாலத்தைக் கடந்துதான் வர வேண்டும். தேடுவோர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பூச்சோங், பந்திங், ஷா ஆலாம் என்று எல்லாப் பெயர்களையும் அடுக்குவதைவிட, உண்மையில் அருகிலுள்ள மூன்று குடியிருப்புகளையும், எந்த நெடுஞ்சாலையிலிருந்து வர வேண்டும் என்பதையும் சொன்னால் போதும்.

கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் பின்பகுதி மறைந்துவிடும் என்பதால் இடமும் எண்ணும் முன்னால் வர வேண்டும். ‘பிரம்மாண்டமான, அழகிய’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. மேலே பார்த்த மண்டபத்திற்கான தலைப்பும் விளக்கமும் இப்படி அமையலாம்:

தலைப்பு: தென் கிள்ளான் திருமண மண்டபம் – விருந்துக்கு 400 பேர், 80 கார் நிறுத்துமிடம்

விளக்கம்: மேடை, பஃபேயுடன் 40 வட்ட மேசைகள், முகூர்த்தத்திற்கு வரிசை நாற்காலியில் 560 பேர். வளாகத்தில் 80 கார்கள், விருந்தினருக்கு 70. ஸ்ரீ அண்டலாஸ், புக்கிட் திங்கி, பண்டமாரான் அருகில். கெசாஸ் நெடுஞ்சாலை வழியாக வரலாம்.

ஆயிரத்தைவிட 400 சிறிய எண்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு வரும் குடும்பம் 400 அழைப்பிதழ்களை அச்சடிக்காது. ஓர் அழைப்பிதழுக்கு மூன்று பேர் வந்தால் 130 அழைப்பிதழ்களே போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.